வெளிப்புறக் கடிகாரத்தில் உதயம், மறைவு, கடல் ஏற்றம், புயல் எச்சரிக்கை: குமரி மலைக்கும் கடலுக்கும் அமைத்துக்கொள்ளும் முறை

மலையேறுபவர்களுக்கும் மீனவர்களுக்கும் என்று விற்கப்படும் கடிகாரங்களில் சூரிய உதயம், மறைவு, கடல் ஏற்ற இறக்கம், புயல் ஆகிய நான்கு எச்சரிக்கைகளும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. செல்பேசியோடு இணைத்து நான்கையும் இயக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் புயல் எச்சரிக்கையின் தொடக்க அளவு குளிர் நாடுகளின் வானிலையை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. நிலநடுக்கோட்டிலிருந்து எட்டு பாகை வடக்கில் இருக்கும் கன்னியாகுமரியில் காற்றழுத்தம் வேறு விதமாக நடந்துகொள்கிறது. அதை அறியாமல் கடிகாரத்தை நம்பினால், ஒன்று நாள்தோறும் பொய்யாக ஒலிக்கும், அல்லது ஒலிக்க வேண்டிய நேரத்தில் ஊமையாக இருக்கும். மற்ற மூன்று எச்சரிக்கைகளும் இடத்தைச் சரியாகச் சொல்லிக்கொடுத்தால் ஓரளவு ஒழுங்காகவே வேலை செய்யும். அதனால் அவற்றை முதலில் முடித்துக்கொண்டு, புயலுக்குக் கூடுதல் இடம் தருகிறேன். மலையும் கடலும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கும் குமரி மாவட்டமே இதற்கு எடுத்துக்காட்டு.

முதலில் இடமும் உயரமும்

உதயம், மறைவு ஆகியவற்றைக் கடிகாரம் எங்கிருந்தும் பெறுவதில்லை. நாளையும் அட்சரேகை, தீர்க்கரேகையையும் வைத்துத் தானே கணக்கிடுகிறது. ஆகவே இடம் தவறானால் நேரமும் தவறும். ஜிபிஎஸ் உள்ள கடிகாரமானால், புதிய ஊருக்குப் போனதும் திறந்த வெளியில் நின்று ஏதாவது ஒரு வெளிப்புறச் செயல்பாட்டைத் திறந்து, செயற்கைக்கோள் கிடைக்கும்வரை காத்திருந்தால் போதும். முந்தைய ஊரின் இடத்தையே நினைவில் வைத்துக்கொண்டு பழைய நேரத்தைக் காட்டும் குழப்பம் அதோடு நீங்கிவிடும்.

ஜிபிஎஸ் இல்லாத கடிகாரங்களில் சிக்கல் சற்று ஆழமானது. கேசியோவின் பல கடிகாரங்களில் இந்திய நேரத்துக்கு உள்ள ஊர்க்குறி `DEL`, அதாவது டெல்லி. நேரம் நாடு முழுவதும் ஒன்றுதான் என்பதால் மணி சரியாகவே காட்டும். ஆனால் உதயமும் மறைவும் டெல்லிக்கு உரியவையாக இருக்கும். நவம்பர் 15ஆம் தேதியை எடுத்துக்கொண்டால், கன்னியாகுமரியில் சூரியன் ஏறக்குறைய காலை 6.12க்கு உதித்து மாலை 5.57க்கு மறைகிறது. அதே நாளில் டெல்லியில் உதயம் 6.44, மறைவு 5.28. இரண்டு முனையிலும் அரைமணி நேரம் பிசகுகிறது. சென்னைக்கும் குமரிக்கும் இடையில்கூட அன்றைய மறைவில் 18 நிமிட வேறுபாடு உண்டு. உங்கள் கடிகாரத்தில் தீர்க்கரேகையையும் அட்சரேகையையும் கையால் பதியும் வசதி இருந்தால், கன்னியாகுமரிக்கு 8.08 வடக்கு, 77.55 கிழக்கு என்று பதிந்துவிடுங்கள். அந்த வசதி இல்லாத கடிகாரத்தில் உதய மறைவு எச்சரிக்கையைப் பயன்படுத்தாமல் இருப்பதே மேல்.

உயரத்தையும் இப்போதே சரிசெய்துகொள்ள வேண்டும், ஏனெனில் புயல் எச்சரிக்கை அதன்மேல்தான் நிற்கிறது. கடிகாரத்தில் இருப்பது ஒரே ஓர் அழுத்த உணரி. அழுத்தம் குறைந்தால் நீங்கள் மேலே ஏறியிருக்கலாம், அல்லது வானிலை மாறியிருக்கலாம். எது என்று உணரிக்குத் தெரியாது. கடற்கரையில் நிற்கும்போது உயரத்தைக் கையால் இரண்டு மீட்டர் என்று பதிந்தால், அதற்குப் பிறகு காட்டும் கடல்மட்ட அழுத்தத்தை நம்பிப் பயன்படுத்தலாம். வானிலை ஆய்வு நிலையம் அந்த மணிக்கு வெளியிடும் கடல்மட்ட அழுத்தத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். அழுத்தத்தின் அலகான ஹெக்டோபாஸ்கலில் ஒன்றிரண்டு வேறுபாடு இருந்தால் கவலையில்லை. கடிகாரத்தில் `hPa` என்றோ `mbar` என்றோ எழுதியிருந்தாலும் அளவு ஒன்றேதான்.

உதயமும் மறைவும்

கார்மின் கடிகாரங்களில் `Til Sunset`, `Til Sunrise` என்ற பெயர்களில் இந்த எச்சரிக்கைகள் இருக்கும். மறைவுக்கு எத்தனை நிமிடம் அல்லது மணி முன்பு ஒலிக்க வேண்டும் என்று கேட்கும். சாதாரண அலாரத்தைவிட இதில் உள்ள நன்மை, நாளுக்கு நாள் மாறும் நேரத்தோடு சேர்ந்து தானே நகர்வது. குமரியில் நவம்பர் நடுவில் 5.57க்கு மறையும் சூரியன் பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் 6.29க்கு மறைகிறது. இரண்டு பயணத்துக்கும் ஒரே அலாரத்தை வைத்திருப்பவருக்கு அரைமணி நேரம் ஏமாற்றம் காத்திருக்கும்.

ஆனால் கடிகாரம் சொல்லும் மறைவு, தடையில்லாத தட்டையான தொடுவானத்துக்கு உரியது. கடலில் நிற்பவருக்கு அது அப்படியே பொருந்தும். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் நடப்பவருக்குப் பொருந்தாது, ஏனென்றால் அவருடைய மேற்கில் மலைமுகடு நிற்கிறது. கையை நீட்டி விரல்களை முட்டியாக மடக்கிப் பிடித்தால், முட்டியின் அகலம் ஏறக்குறைய பத்துப் பாகை. தொடுவான மட்டத்திலிருந்து முகடு ஒரு முட்டி உயரத்தில் இருந்தால், கடிகாரம் சொல்லும் நேரத்துக்கு முக்கால் மணி முன்பே சூரியன் உங்களுக்கு மறைந்துவிடும். அதன் பிறகும் வெளிச்சம் இருக்கும் என்றாலும், அடர்ந்த சோலைக்குள் பாதை தெரியாமல் போக அதிக நேரம் ஆகாது.

நவம்பர் நடுவில் அப்படிப்பட்ட சரிவில் ஒருவர் நடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மறைவு 5.57. முகடு ஒரு முட்டி உயரம் என்பதால் அவருக்கு உண்மையான மறைவு 5.10ஐ ஒட்டி நிகழும். இறங்க மூன்று மணி நேரம் ஆகும், எதிர்பாராத தாமதத்துக்கு அரைமணி நேரம் சேர்க்க வேண்டும் என்றால், பிற்பகல் 1.40க்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். 5.57க்கும் 1.40க்கும் இடையே நான்கு மணி பதினேழு நிமிடம். ஆகவே `Til Sunset` என்பதில் 4 மணி 15 நிமிடம் என்று பதிய வேண்டும். பலர் இதில் ஒரு மணி நேரம் என்று வைக்கிறார்கள். அது டார்ச்சு விளக்கை எடுக்கச் சொல்லும் நினைவூட்டலே தவிர, திரும்பச் சொல்லும் எச்சரிக்கை ஆகாது. கடிகாரத்தில் இரண்டு மறைவு எச்சரிக்கை வைக்க முடியாவிட்டால், திரும்பும் நேரத்துக்கே அதைக் கொடுங்கள்.

நமது அட்சரேகையில் அந்தி மிகக் குறுகியது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். சூரியன் மறைந்து 22 நிமிடத்தில் சிவில் அந்தி, அதாவது விளக்கில்லாமல் வழி தெரியும் வெளிச்சம், முடிந்துவிடும். ஐரோப்பியக் கோடையில் மறைவுக்குப் பிறகும் நெடுநேரம் நடக்கலாம் என்று படித்ததை இங்கே கொண்டுவரக் கூடாது. மீனவருக்கு இதன் மறுபக்கம் பயன்படும். உதயத்துக்கு ஏறக்குறைய 48 நிமிடம் முன்பு கடலுக்கும் வானுக்கும் இடையிலான கோடு தெரியத் தொடங்கும். முதல் வெளிச்சத்தில் வலையை இழுக்க வேண்டுமென்றால் `Til Sunrise` என்பதை 50 நிமிடம் என்று வைத்துக்கொள்வது பொருத்தமாக இருக்கும்.

ஏற்றமும் வற்றமும்

கடல் ஏற்ற இறக்கத்தைக் கடிகாரங்கள் இரண்டு வழிகளில் காட்டுகின்றன. இரண்டில் உங்களுடையது எது என்று தெரியாமல் அதை நம்பக் கூடாது.

முதல் வழி, கடல் ஏற்ற இறக்கத்தை அளக்கும் அருகிலுள்ள ஓத நிலையத்தின் முன்கணிப்பைச் செல்பேசி வழியாக இறக்கிக்கொள்வது. கார்மின் கடிகாரங்களில் `Tides` என்ற செயலி இப்படி இயங்குகிறது. கிளம்புமுன், செல்பேசித் தொடர்பு இருக்கும் இடத்திலேயே, ஊரைச் சேர்த்து வரைபடம் திறக்கிறதா என்று பாருங்கள். அதைவிட முக்கியமாக, எந்த நிலையத்தின் தரவை அது எடுத்திருக்கிறது என்று பெயரைப் படியுங்கள். குமரி முனையின் மேற்கில் அரபிக்கடல், கிழக்கில் மன்னார் வளைகுடா. மேற்குக் கரையில் உள்ள தேங்காய்ப்பட்டணத்தில் தொழில் செய்பவருக்குத் தூத்துக்குடி நிலையத்தின் நேரம் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணையோடு இரண்டு மூன்று நாட்களின் நேரத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது இதற்கு எளிய சோதனை.

இரண்டாவது வழி, நிலாவை வைத்துக் கணக்கிடுவது. தொடர்பே இல்லாமல் இயங்கும் கேசியோ கடிகாரங்களில் இந்த முறை உண்டு. நிலா உச்சியைக் கடந்த பிறகு எவ்வளவு நேரம் கழித்துக் கடல் முழு ஏற்றத்தை அடைகிறது என்ற இடைவெளி ஊருக்கு ஊர் மாறும். அந்த இடைவெளியைக் கொடுத்துவிட்டால் மீதியைக் கடிகாரம் பார்த்துக்கொள்ளும். ஊர்க்குறி டெல்லியாக இருந்தால் இந்தக் கணக்கு பொருளற்றது. டெல்லிக்குக் கடலே இல்லை. உங்கள் துறையின் இடைவெளியை நீங்களே கண்டுபிடிக்கலாம். அட்டவணையிலிருந்து ஒரு வாரத்தின் முழு ஏற்ற நேரங்களையும், அதே நாட்களில் நிலா உச்சியைக் கடக்கும் நேரங்களையும் எழுதிக்கொண்டு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். நிலா நள்ளிரவு 12.10க்கு உச்சியில் இருந்து, ஏற்றம் 1.40க்கு என்றால் இடைவெளி ஒன்றரை மணி. ஒவ்வொரு நாளும் சில நிமிடங்கள் முன்பின்னாக வரும். சராசரியை எடுத்துப் பதிந்தால் போதும். இந்த முறை தருவது நேரத்தை மட்டுமே. நீர் எத்தனை மீட்டர் உயரும் என்பதை அது சொல்லாது, திரையில் தெரியும் வளைவு ஓர் அடையாளப் படம்தான்.

குமரிக் கரையில் ஏற்ற இறக்கம் பெரிதல்ல. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கூடுதலாகவும், அஷ்டமியை ஒட்டிக் குறைவாகவும் இருந்தாலும், மொத்தத்தில் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். அப்படியானால் எச்சரிக்கை எதற்கு என்று கேட்கலாம். ஆற்று முகத்துவாரத்தைக் கடப்பவருக்கு அது தேவை. வற்றத்தின்போது ஆற்றுநீரும் கடல்நீரும் சேர்ந்து வெளியே பாயும். அதற்கு எதிராக அலை உள்ளே வரும்போது மணல்திட்டின்மேல் அலை செங்குத்தாக எழுந்து உடையும். ஏற்றத்தில் திட்டின்மேல் நீர் கூடுவதோடு ஓட்டமும் உள்நோக்கி இருக்கும். ஆகவே ஏற்ற எச்சரிக்கையை முழு ஏற்றத்துக்கு ஒன்றரை மணி முன்பு ஒலிக்குமாறு வைத்தால், அதற்குள் துறைக்கு வந்து, ஏற்றத்தின் கடைசி ஒரு மணி நேரத்தில் உள்ளே நுழையலாம். முழு ஏற்றம் நாள்தோறும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போவதால், இங்கும் சாதாரண அலாரம் உதவாது.

கடிகாரத்தின் ஓத வரைபடத்தில் ஒருபோதும் தெரியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எங்கோ வீசிய பலத்த காற்று எழுப்பும் நீண்ட அலைகள் சில நாட்கள் கழித்து, இங்கே காற்றே இல்லாத தெளிந்த நாளில், கரையில் ஏறும். அதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே மாதம் குமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துச் சென்றது இத்தகைய கடல் கொந்தளிப்பின்போதுதான். ஓத வரைபடம் நிலாவையும் சூரியனையும் மட்டுமே அறியும். அழுத்த உணரியும் இதில் அசையாது. ஹைதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையமான இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல்நிலை எச்சரிக்கை ஒன்றே இதற்கு வழி. பாறைமேல் நின்று தூண்டில் போடுபவர்கள் அந்த எச்சரிக்கை உள்ள நாளில் கடிகாரத்தின் ஓத நேரத்தைப் பொருட்படுத்தவே கூடாது.

கடலில் புயல் எச்சரிக்கை

ஒரே கடிகாரத்தில் இரண்டு வகையான புயல் எச்சரிக்கை இருக்கலாம். ஒன்று செல்பேசியின் வானிலைச் செயலியிலிருந்து வருவது. கரையை விட்டுச் சில மைல் தாண்டி, செல்பேசிக் கோபுரத்தின் எல்லை முடிந்ததும் அது நின்றுவிடும். நின்றுவிட்டது என்பதைக்கூடப் பல கடிகாரங்கள் சொல்வதில்லை. மற்றொன்று கடிகாரத்தின் சொந்த அழுத்த உணரியிலிருந்து எழுவது. ஆழ்கடலில் கடிகாரத்தில் மிஞ்சுவது இந்த இரண்டாவது மட்டுமே.

அது எப்படி முடிவெடுக்கிறது என்று பார்க்கலாம். சூன்டோ கடிகாரங்களில், மூன்று மணி நேரத்துக்குள் அழுத்தம் 4 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் எச்சரிக்கை ஒலிக்கும். கார்மினில் `Storm Alert` என்பதன் கீழ் `Rate` என்ற இடத்தில் வீழ்ச்சியின் வேகத்தை நாமே மாற்றலாம். மத்திய அட்சரேகைகளில் தாழ்வு மண்டலங்கள் விரைவாக நகர்ந்து கடப்பதால், அங்கே இந்த அளவு பொருத்தமானது.

வெப்ப மண்டலத்தில் வானமே ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இறங்குகிறது. காலை பத்து மணி அளவிலும் இரவு பத்து மணி அளவிலும் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். மாலை நான்கு மணிக்கும் அதிகாலை நான்கு மணிக்கும் தாழ்ந்திருக்கும். எந்தப் புயலும் இல்லாத தெளிந்த நாளில்கூட, காலை பத்துக்கும் மாலை நான்குக்கும் இடையே மூன்று ஹெக்டோபாஸ்கலுக்குமேல் குறைவது இங்கே இயல்பு. அந்த இறக்கம் மிகச் செங்குத்தாக இருக்கும் நண்பகல் வேளையில், மூன்று மணி நேரத்தில் மட்டும் ஏறக்குறைய இரண்டு ஹெக்டோபாஸ்கல் இறங்கிவிடும்.

இதன் விளைவு விசித்திரமானது. முன்னெச்சரிக்கையாக இருக்கட்டும் என்று அளவை 2 என்று வைத்தவருக்கு நாள்தோறும் மதியம் கடிகாரம் ஒலிக்கும். ஒரு வாரத்தில் எரிச்சலடைந்து அதை அணைத்துவிடுவார். 4 என்று விட்டுவைத்தவருக்கு, நண்பகலில் வானிலையால் வரும் உண்மையான வீழ்ச்சி இரண்டாக இருந்தாலே ஒலித்துவிடும். ஆனால் மாலை நான்கிலிருந்து ஏழு வரை, இயல்பாகவே அழுத்தம் ஒன்றரை ஏறும் வேளையில், உண்மையான வீழ்ச்சி ஐந்தரையைத் தொட்டால்தான் ஒலிக்கும். ஒரே எச்சரிக்கை நண்பகலில் கூர்மையான காதும், அந்தியில் மந்தமான காதும் கொண்டதாக ஆகிவிடுகிறது.

ஆகவே குமரிக் கடலுக்கு நான் பரிந்துரைப்பது இரண்டடுக்கு முறை. ஒலிக்கும் எச்சரிக்கையை மூன்று மணி நேரத்துக்கு 3 என்று வையுங்கள். இயல்பான மதிய இறக்கத்தில் அது பேசாமல் இருக்கும், வீழ்ச்சி 3ஐத் தொட்டால் ஒலிக்கும். இரண்டாவது அடுக்கு உங்கள் கண். அழுத்த வரைபடத்தின் கால அளவை 24 அல்லது 48 மணி நேரம் என்று மாற்றி, இன்றைய அழுத்தத்தை நேற்று இதே மணிக்கு இருந்ததோடு ஒப்பிடுங்கள். நாள்தோறும் நிகழும் ஏற்ற இறக்கம் இரண்டு நாளும் ஒரே மாதிரி இருப்பதால் கழிந்துபோய், எஞ்சுவது வானிலை மாற்றம் மட்டுமே. வெப்ப மண்டலக் கடலில் செல்லும் மாலுமிகளுக்கு நெடுங்காலமாகச் சொல்லப்படும் விதி, இந்தத் திருத்தத்தைச் செய்த பிறகு, அந்தப் பருவத்தின் இயல்பு அழுத்தத்தைவிட 3 குறைந்தால் புயல் உருவாகிறது என்று ஐயப்பட வேண்டும், 5 குறைந்தால் அருகில் புயல் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும் என்பது. பருவ இயல்பு கையில் இல்லாதவருக்கு, அமைதியான முந்தைய நாட்களின் அதே மணி அழுத்தமே இயல்பாகப் பயன்படும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். எண்கள் எடுத்துக்காட்டுக்காகவே. நவம்பர் மாதத்தில் அமைதியான ஒரு நாள் காலை பத்து மணிக்கு 1011, மாலை நான்கு மணிக்கு 1007.5 என்று கடிகாரம் காட்டுகிறது. மறுநாள் காலை பத்து மணிக்கு 1009. இரண்டு குறைந்திருக்கிறது, கவனிக்கலாம். பிற்பகல் ஒரு மணிக்கு 1006.4 ஆகிறது. மூன்று மணி நேரத்தில் வீழ்ச்சி 2.6 மட்டுமே என்பதால், அளவை 3 என்று வைத்திருந்தாலும் கடிகாரம் ஒலிக்காது. மாலை நான்கு மணிக்கு 1004. மறுபடியும் மூன்று மணி நேர வீழ்ச்சி 2.4; கடிகாரம் அமைதியாகவே இருக்கிறது. ஆனால் நேற்று மாலை நான்கு மணியோடு ஒப்பிட்டால் 3.5 குறைந்திருக்கிறது. மாலுமிகளின் விதிப்படி முதல் கோட்டைத் தாண்டியாயிற்று. இந்த நேரத்தில் வலையை எடுத்துக்கொண்டு திரும்புபவருக்குக் கையில் நேரம் இருக்கிறது. மணியொலிக்குக் காத்திருப்பவருக்கு இல்லை. புயலின் நடுப்பகுதி நெருங்கும்போதுதான் அழுத்தம் சரசரவென்று விழும். கரைக்கு 60 கடல் மைல் தொலைவில், மணிக்கு ஏழு கடல் மைல் வேகத்தில் வரும் விசைப்படகுக்கு எட்டரை மணி நேரம் தேவை.

2017ஆம் ஆண்டின் ஒக்கி புயல் குமரி மீனவர்களுக்கு இதைக் கொடுமையாகக் காட்டியது. நவம்பர் 29ஆம் தேதி இலங்கைக்குத் தென்கிழக்கே தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையிலேயே குமரிக் கடலில் புயலாக வலுத்துவிட்டது. பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்குச் செல்பேசி எட்டாது. அப்படிப்பட்ட தொலைவில் கடிகாரம் துணைக்கருவியாக மட்டுமே இருக்க முடியும். செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை பெறும் கருவியும், வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையும்தான் முதன்மை. கடிகாரத்தின் அழுத்தம் இயல்பாக இருக்கிறது என்பதற்காக, கடலுக்குப் போக வேண்டாம் என்ற அறிவிப்பை மீறுவது கூடவே கூடாது; 500 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் புயல் உங்கள் மணிக்கட்டில் ஓர் அசைவையும் காட்டாமல் இருக்கலாம்.

அமைப்பில் இன்னொன்று உண்டு. கார்மினில் `Barometer` பகுதிக்குள் உணரியின் முறையைத் தேர்ந்தெடுக்கலாம்: தானியங்கி, உயரமானி, அழுத்தமானி. கடலுக்குப் போகிறவர் தயங்காமல் அழுத்தமானி முறையில் பூட்டிவிட வேண்டும். கடலில் உயரம் மாறப்போவதில்லை. தானியங்கி முறையில் விட்டால், அழுத்தம் மெல்லக் குறைவதை நீங்கள் மேட்டில் ஏறுவதாகக் கருதிக் கடிகாரம் உயரத்தில் சேர்த்துவிட வாய்ப்புண்டு. நடுக்கடலில் கடிகாரம் முப்பது மீட்டர் உயரம் என்று காட்டினால், உங்கள் புயல் எச்சரிக்கை உயரக் கணக்கில் தொலைந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

மலையில் அதே எச்சரிக்கை

மலையில் நிலைமை தலைகீழ். அடிவாரத்தில் எட்டு ஒன்பது மீட்டர் ஏறினாலே அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். அழுத்தமானி முறையில் பூட்டிய கடிகாரத்தோடு முப்பத்தைந்து மீட்டர் ஏறினால் 4 குறைந்து, புயல் என்று அலறும். ஆகவே நடக்கும்போது உயரமானி முறை. இரவு தங்குமிடத்தை அடைந்ததும் அழுத்தமானி முறைக்கு மாற்றி, காலையில் கிளம்பும்போது திரும்ப மாற்ற வேண்டும். நடக்கும் நேரத்தில் புயல் எச்சரிக்கைக்கு நம்பகத்தன்மை இல்லை என்று ஏற்றுக்கொள்வதே நேர்மை. இதற்கு ஒரு மாற்றுச் சோதனை இருக்கிறது: இரவிலும் உயரமானி முறையிலேயே விட்டு, படுக்கும்போது காட்டிய உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நகராமலே காலையில் அதே மணி நிலைக்கு, அதாவது இரவு பத்துக்கும் காலை பத்துக்கும், உயரம் இருபத்தைந்து முப்பது மீட்டர் கூடியிருந்தால் அழுத்தம் மூன்றளவு விழுந்திருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் நடப்பவருக்கு உண்மையான ஆபத்து புயலைவிட இடிமழை. ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபரை ஒட்டியும், காலையில் தெளிந்த வானம் பிற்பகலில் இடியோடு கொட்டும். சில கிலோமீட்டர் அகலமே உள்ள அந்த இடிமேகம், மணிக்கணக்கில் முன்கூட்டி அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு வருவதில்லை. அதன் அடியிலிருந்து குளிர்ந்த காற்று பாய்ந்து வரும்போது அழுத்தம் சட்டென்று ஏறுவதும் உண்டு. வீழ்ச்சியை மட்டுமே தேடும் எச்சரிக்கை அந்த நேரத்தில் பேசாது. இடிமழையைக் கடிகாரம் முன்னறிவிக்கும் என்று எண்ணி முகட்டில் நிற்பது ஆபத்தானது. மின்னலுக்கும் இடிக்கும் இடையிலான நொடிகளைக் கடிகாரத்தின் நிறுத்துமானியால் அளந்தால், மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது நொடிக்குள் இடி கேட்டால் முகட்டையும் தனிமரத்தையும் விட்டுக் கீழே இறங்கிவிட வேண்டும். இத்தகைய மாதங்களில், முன்பு சொன்ன மறைவு எச்சரிக்கைக்கு இறங்கும் நேரத்தை மட்டும் கணக்கிடாமல், பிற்பகல் ஒரு மணிக்குள் முகட்டை விட்டு இறங்குவதையே எல்லையாக வைத்து நிமிடங்களைப் பதியலாம்.

ஓடைகளைக் கடப்பவர்கள் மேலே பெய்யும் மழையையும் நினைக்க வேண்டும். 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. குளித்துக்கொண்டிருந்த இடத்தில் எந்த உணரியும் அதை முன்கூட்டிச் சொல்லியிருக்காது.

கிளம்புமுன் சோதனையும் பராமரிப்பும்

புயல் எச்சரிக்கை உண்மையிலேயே ஒலிக்கிறதா என்று புயல் வரும்வரை காத்திருந்து தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அழுத்தமானி முறையில் பூட்டி, அளவை 3 என்று வைத்து, சிறிது நேரம் தரைத்தளத்தில் இருந்துவிட்டு, பத்து மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்டில் மேலே போய் அரைமணி நேரம் இருங்கள். முப்பது மீட்டர் ஏறினால் மூன்றரை குறையும். எச்சரிக்கை ஒலிக்க வேண்டும். சில கடிகாரங்கள் நிமிடத்துக்கு நிமிடம் அளக்காமல் இடைவெளி விட்டு அளப்பதால்தான் அந்த அரைமணி நேரம். ஒலிக்கவில்லை என்றால், முதலில் தூக்க நேர அமைதி முறையும் மின்கலச் சேமிப்பு முறையும் இயங்குகின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். ஃபைபர் படகின் இயந்திர இரைச்சலில் கடிகாரத்தின் சிறிய ஒலி கேட்காது. அதிர்வை இயக்கி, கையுறைக்குமேல் அல்லாமல் தோலோடு ஒட்டிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

அழுத்த உணரிக்குக் காற்று செல்வது கடிகாரத்தின் பக்கவாட்டில் அல்லது அடியில் உள்ள நுண்துளைகள் வழியாக. உப்பும் மீன் செதிலும் வியர்வையும் அவற்றை அடைத்துவிட்டால் வரைபடம் மாற்றமே இல்லாத நேர்கோடாகவோ, அல்லது காரணமில்லாமல் துள்ளும் கோடாகவோ தெரியும். இரண்டு நாட்களாக நான்கு மணித் தாழ்வும் பத்து மணி உச்சமும் வரைபடத்தில் தெரியவில்லை என்றால் துளை அடைபட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்; குமரியில் அந்த அலை இல்லாத நாள் அரிது. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றி, இயற்கையாக உலரவிட வேண்டும். ஊசியால் குத்தினால் உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்து, கடிகாரத்துக்குள் தண்ணீர் போய்விடும்.